குழம்பு ‘குழம்ப’ ஆன கதையும், ஒரு எண் விட்டுப்போனதும்

ராணி_அடுக்களை

ஜனவரியில் என் சமையல் தளத்தை வேர்ட்பிரஸிலிருந்து கழற்றி, வெறும் எச்.டி.எம்.எல். பக்கங்களாக்கி அதே ஹோஸ்டிங்கில் போட்டேன். மொத்தம் 340 குறிப்புகள். கையோடு முகவரிகளையும் மாற்றினேன். ஏன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு 200 எழுத்துதான் இடம் தரும். தமிழில் ‘க’ ஒன்றே %E0%AE%95 என்று 9 எழுத்தாக விரிந்துவிடும். ‘கு’ என்றால் உகரக் குறிக்கு இன்னொரு 9. அதனால் ‘செட்டிநாடு கோழிக் குழம்பு செய்வது எப்படி’ என்று நான் வைத்த தலைப்பு, முகவரியில் ‘செட்டிநாடு-கோழிக்-குழம்ப’ என்று கழுத்தறுந்து நின்றது. எண்ணிப் பார்த்தேன், சரியாக 200. உகரத்துக்கு இடமில்லை!

பழைய முகவரியில் வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பும் வேலையை அக்கா மகன் செய்து கொடுத்தான். முதலில் பிரவுசரிலிருந்து அந்த % எழுத்துகளை அப்படியே காப்பி எடுத்து .htaccess-ல் போட்டான். 404தான் வந்தது. அப்புறம் தமிழ் எழுத்திலேயே எழுதியதும் ஓடியது:

```
Redirect /செட்டிநாடு-கோழிக்-குழம்ப/ /kozhi-kuzhambu/
```

அழுத்தினேன், புதுப் பக்கம் திறந்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். மே மாதம் கூகுளில் தேடினால் இன்னும் அதே ‘குழம்ப’தான் நிற்கிறது. 340-ல் முக்கால்வாசி பழைய முகவரியிலேயே இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புது முகவரி உள்ளேயே போகவில்லை. யாரோ சொல்லி curl -I போட்டுப் பார்த்தேன்:

```
HTTP/1.1 302 Found
Location: https://example.com/kozhi-kuzhambu/
```

301 என்று ஒரு எண்ணை எழுதாமல் விட்டதற்கா நான்கு மாதம்? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

டிஜிட்டல்_குமார்

மேடம், இதுதான் காரணம், சந்தேகமே வேண்டாம். 302 போட்டால் மற்றவர்கள் கொடுத்த லிங்குகளால் வரும் மதிப்பு, அந்த லிங்க் ஜூஸ், ஒரு சொட்டுகூடப் புதுப் பக்கத்துக்குப் போகாது. 301 போட்டாலும் 15 சதவீதம் வழியில் சிந்திவிடும், ஆனால் மிச்சம் வரும். உடனே 301 ஆக்குங்கள். என் கிளையன்ட் எல்லோருக்கும் இதைத்தான் செய்கிறேன்.

நாகு_சர்வர்

குமார் தம்பி, 301 ஆக்கச் சொன்னது சரி. சொன்ன காரணம் பழசு. 301, 302 எதுவானாலும் பேஜ்ரேங்க் குறையாது என்று கூகுளின் கேரி இலியஸ் 2016-லேயே சொல்லிவிட்டார். அந்த 15 சதவீதக் கணக்கு அதற்கு முந்தைய காலத்துப் பேச்சு.

ராணி அக்கா, உங்கள் விஷயத்தில் சிந்தியது ஒன்றுமில்லை. கூகுள்பாட் இரண்டையுமே பின்தொடர்ந்து போய்ப் புதுப் பக்கத்தைப் படிக்கும். அப்புறம், இந்த உள்ளடக்கத்தை எந்தப் பெயரில் பதிவு செய்வது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டும். 301-ஐப் பார்த்தால் ‘வீடு மாறிவிட்டார்கள், புது முகவரியை எழுதிக்கொள்’ என்பதற்குப் பலமான அடையாளம். 302 என்றால் ‘ஊருக்குப் போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள்’. அதனால் பழைய பெயரை வைத்துக்கொள்ளவே பார்க்கும். 302 பலவீனமான அடையாளம்தான், தடை அல்ல. மற்ற சாட்சிகள் எல்லாம் புது முகவரியைக் காட்டினால் 302 இருந்தும் மாற்றிக்கொள்ளும். உங்களுக்குக் கால்வாசி மாறியிருப்பதே அதற்கு அத்தாட்சி.

அதனால் எனக்கு 302 மேல் மட்டும் சந்தேகம் இல்லை. இரண்டு விஷயம் பாருங்கள். சர்ச் கன்சோலில் கொடுத்த sitemap.xml எந்த முகவரிகளைச் சொல்கிறது? புதுப் பக்கத்தின் சோர்ஸில், ‘என் அசல் முகவரி இதுதான்’ என்று சொல்லும் rel="canonical" வரி எங்கே காட்டுகிறது?

உங்கள் அக்கா மகனைத் திட்டாதீர்கள். அப்பாச்சியில் Redirect என்று மட்டும் எழுதினால் 302தான். RewriteRule-ல் வெறும் [R] போட்டாலும் அதுதான். பி.எச்.பி.யில் header("Location: ..."), ஜாங்கோவில் redirect() எல்லாமே வாய்திறந்து கேட்காவிட்டால் 302. யாரும் யோசித்து 302-ஐத் தேர்ந்தெடுப்பதில்லை. எழுதாமல் விட்டதால் வருவதுதான் பாதிக்குமேல். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி திறப்பதால் பிரவுசரில் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ராணி_அடுக்களை

நாகு அண்ணா, கேனானிக்கல் சரியாகப் புது முகவரியைத்தான் காட்டுகிறது. ஆனால் sitemap.xml... தலையில் அடித்துக்கொண்டேன். வேர்ட்பிரஸ் காலத்து ஃபைலை அப்படியே தூக்கி வந்திருக்கிறான். 340-ம் பழைய முகவரிகள். ‘குழம்ப’ உட்பட.

நாகு_சர்வர்

அப்போது கூகுள் மேல் தப்பே இல்லை. 302 திரும்பி வருவேன் என்கிறது, சைட்மேப் பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்கிறது. இப்படி மாற்றுங்கள்:

```
Redirect 301 /செட்டிநாடு-கோழிக்-குழம்ப/ /kozhi-kuzhambu/
```

இரண்டு பக்கமும் கடைசிச் சாய்கோடு இருக்கட்டும். பழையதில் விட்டுப் புதியதில் மட்டும் போட்டால், மிச்சமிருக்கும் சாய்கோட்டையும் அப்பாச்சி ஒட்டிவிடும், முடிவில் // வந்து நிற்கும். .htaccess-ஐ யூ.டி.எஃப்-8-ல் சேமியுங்கள். புது சைட்மேப்பில் புது முகவரிகள் மட்டும். குறிப்புகளுக்குள் ஒன்றுக்கொன்று கொடுத்திருக்கும் லிங்குகளையும் நேரே புதியதற்கு மாற்றுங்கள்.

ஜவுளிக்கடை_ஐடி

அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் 301 போட்டுவிடாதீர்கள். நான் அதில் சூடுபட்டவன்.

நான் தளம் பார்த்துக்கொள்ளும் ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முகப்பைத் திறந்தால் நேரே /deepavali/ பக்கம் வர வேண்டும் என்றார் முதலாளி. ‘301தான் எஸ்.இ.ஓ.வுக்கு நல்லது’ என்று எங்கோ படித்த ஞாபகத்தில் 301 போட்டேன். பண்டிகை முடிந்து வரியை எடுத்துவிட்டு, தீபாவளிப் பக்கத்தையும் நீக்கினேன். மறுநாள் காலை முதலாளி போன். ‘தம்பி, நம்ம சைட்டே இல்லையாம்!’

என் லேப்டாப்பில் curl போட்டால் முகப்பு 200. அவர் போனில் மட்டும் 404. சரி என்று /deepavali/-யை முகப்புக்கே திருப்பிவிட்டேன். அப்போது அவர் போனில் ERR_TOO_MANY_REDIRECTS. கடையில் பாதிப் பேருக்கு அதே. மத்தியானம்தான் புரிந்தது. குரோமில் நெட்வொர்க் பேனலைத் திறந்தால் `301 Moved Permanently (from disk cache)` என்று இருந்தது. பிரவுசர் என் சர்வரைக் கேட்கவே இல்லை! பழைய பதிலைச் சேமித்து வைத்துக்கொண்டு தானே தீபாவளிக்கு அனுப்புகிறது, அங்கிருந்து நான் முகப்புக்கு அனுப்புகிறேன், அது மறுபடி தீபாவளிக்கு.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் போய் கேஷை அழிக்கச் சொல்ல முடியுமா? கடைசியில் /deepavali/-யை /?v=2 என்ற முகவரிக்கு 302-ல் திருப்பினேன். பிரவுசருக்கு அது வேறு முகவரி, சேமித்து வைத்த பதில் அதற்குப் பொருந்தாது, சுழற்சி நின்றது. கூகுளிலும் கடைப் பெயருக்குக் கீழே /deepavali/தான் வந்துகொண்டிருந்தது. அது மாறப் பொங்கல் ஆகிவிட்டது. 302 போட்டிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

நாகு_சர்வர்

நல்ல உதாரணம். 301-ஐயும் 308-ஐயும் பிரவுசர் கேட்காமலே சேமித்துவைக்கலாம். 302-ஐயும் 307-ஐயும் நாம் பதிலின் ஹெடரில் சொன்னால் ஒழியச் சேமிக்காது. நிரந்தரம்தான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் நான் முதல் வாரம் 301-கூடவே Cache-Control: max-age=3600 சேர்த்து அனுப்புவேன். தப்பு நடந்தால் ஒரு மணி நேரத்தில் பிரவுசர் மறுபடி நம்மிடம் வந்து கேட்கும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு அந்த வரியை எடுத்துவிடலாம்.

மணி_1984

வணக்கம். எங்கள் பள்ளித் தளம் சர்வர் மாற்றுவதற்காக இரண்டு நாள் மூடப்போகிறோம். எல்லாப் பக்கத்தையும் ‘பராமரிப்பில் உள்ளது’ என்ற ஒரே பக்கத்துக்கு 302-ல் திருப்பினால் போதும்தானே? தற்காலிகம் என்பதால் கேட்கிறேன்.

நாகு_சர்வர்

மணி சார், உங்கள் பக்கங்கள் எங்கும் இடம் மாறவில்லையே. அதே முகவரியில் 503 கொடுங்கள், பராமரிப்புச் செய்தியை அந்தப் பதிலிலேயே எழுதுங்கள். கூகுள் பிறகு வந்து பார்த்துக்கொள்ளும். வாரக்கணக்கில் இழுக்காதீர்கள், அப்படியானால் பக்கங்கள் பட்டியலிலிருந்து கழன்றுவிடும்.

ஆப்_பூங்கொடி

என்னுடையது தேடுபொறிக் கதை இல்லை, ஆனாலும் 301-தான் வில்லன். எங்கள் ஆர்டர் ஆப் அனுப்பும் முகவரியை வேறு டொமைனுக்கு மாற்றி 301 போட்டோம். பழைய பதிப்பு ஆப் வைத்திருந்தவர்களின் ஆர்டர்கள் எல்லாம் காலியாக வந்தன. POST-ஆகப் போனது, திருப்பத்தில் GET ஆகி, உள்ளே இருந்த விவரம் தொலைந்துவிட்டது. 308 ஆக்கியதும் சரியாயிற்று. படிவம், ஏ.பி.ஐ. மாதிரி எதையாவது அனுப்பும் முகவரி என்றால் 301 போடும் இடத்தில் 308, 302 போடும் இடத்தில் 307. வெறும் படிக்கிற பக்கங்களுக்கு இது தேவைப்படாது.

டிஜிட்டல்_குமார்

308-ஐ கூகுள் 301 மாதிரிதான் எடுத்துக்கொள்ளும், அது எனக்கும் தெரியும். பேஜ்ரேங்க் விஷயத்தில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. போன வருடம் ஒரு கிளையன்ட் 200 பழைய பக்கங்களையும் முகப்புக்கே 301-ல் திருப்பினார். ஒன்றும் ஒட்டவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நாகு_சர்வர்

ரசம் கேட்டு வந்தவனை வாசலிலேயே நிறுத்தினால் கூகுள் அதை இல்லாத பக்கமாகவே, ‘சாஃப்ட் 404’ என்று எடுத்துக்கொள்ளும். ரசத்துக்கு ரசம், குழம்புக்குக் குழம்பு என்று திருப்ப வேண்டும். பொருத்தமான பக்கம் இல்லையென்றால் 404-ஐயோ 410-ஐயோ விட்டுவிடுவதே நேர்மை.

ராணி_அடுக்களை

மாற்றி ஆறு வாரம் ஆகிறது. அக்கா மகன் 340 வரிகளையும் திருத்தினான், சைட்மேப்பும் புதிது. சர்ச் கன்சோலில் பழைய முகவரி ஒவ்வொன்றாக Page with redirect பட்டியலுக்கு நகர்கிறது, தேடலில் kozhi-kuzhambu வந்துவிட்டது. இன்னும் 18 பழையதிலேயே நிற்கின்றன. எல்லாமே யாரும் அதிகம் தேடாத பலகாரங்கள். site: போட்டுத் தேடினால் மட்டும் சிலசமயம் பழைய முகவரிகள் தலைகாட்டுகின்றன.

நாகு_சர்வர்

site: தேடலை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பழைய பெயரை ரொம்ப நாள் காட்டும். அந்த 18-ஐ கூகுள்பாட் இன்னும் மறுபடி பார்த்திருக்காது. யூ.ஆர்.எல். இன்ஸ்பெக்ஷனில் கடைசியாக எப்போது வந்தது என்ற தேதியைப் பாருங்கள்.

ராணி_அடுக்களை

பார்த்தேன், 18-ல் 15-க்கு மார்ச் மாதத் தேதி. மற்ற மூன்றும் போன வாரம் வந்து பார்த்தும் மாறவில்லை. அது ஏன் என்று தெரியவில்லை. இந்த 301 வரிகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

நாகு_சர்வர்

குறைந்தது ஒரு வருடம் என்கிறது கூகுள். நான் எடுக்கவே மாட்டேன்.

ஜவுளிக்கடை_ஐடி

நான் ஒரு வருடத்தில் எடுத்துவிடுவேன், .htaccess ஒவ்வொரு கோரிக்கைக்கும் படிக்கப்படுகிறது, 340 வரி எதற்குச் சுமை?

ராணி_அடுக்களை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கும் அந்த ‘குழம்ப’ லிங்கைத்தான் ஃபார்வர்ட் செய்கிறார்கள் தம்பி. நான் எடுக்கப்போவதில்லை.