புதுப்பிப்பு: மருமக பிறந்தநாளுக்கு எழுதுன கடிதம்

நான் கேட்டது: "மருமகளுக்கு வர்ற பிறந்தநாளுக்கு லெட்டர் எழுதணும், நீயும் எங்க புள்ளதான்னு சொல்லணும், பொய்யா தெரியாம எப்படி எழுதுறது?"

பதில் எழுதுன எல்லாருக்கும் நன்றி. லெட்டர கொடுத்துட்டேன்.

கைகொடுத்தது அந்த ரிட்டையர்ட் டீச்சரம்மா சொன்னதுதான். "மக மாதிரி"ன்னு எழுதாதீங்க, 'மாதிரி'ங்கிற சொல்லே தள்ளி நிறுத்திடும், நடந்த ஒண்ண எழுதுங்கன்னாங்க. அதனால போன வருசம் எனக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப அவ மூணு ராத்திரி நாற்காலியிலயே தூங்குனத வச்சு ஆரம்பிச்சேன், அப்புறம் "உன் அம்மா எடத்துக்கு நான் வரல, ஆனா இந்த வீட்டுல நீ எதையும் கேட்டுட்டு எடுக்க வேணாம்"னு எழுதி வீட்டுச் சாவி ஒண்ணையும் கவர்ல போட்டேன். ஒரே பக்கம்தான். முதல்ல எழுதுனதுல "நேரத்துக்கு சாப்பிடு, வேலைய கொறச்சுக்கோ"ன்னு ரெண்டு வரி இருந்துச்சு, படிச்சுப் பாத்தா புத்திமதி சொல்ற மாதிரி ஆயிடுச்சு, எடுத்துட்டேன்.

கேக் வெட்டுறப்ப எல்லார் முன்னாடியும் படிங்கன்னு ஒரு தம்பி சொன்னாரு. அன்னைக்கே கொடுக்கணும்ங்கிறது சரி, ஆனா அவ கூச்சப்படுவா, அதனால காலைல பசியாறுறதுக்கு முன்னாடி தனியா கொடுத்தேன். தன் மாமியார் நகை விசயத்த எழுதுன தங்கச்சி, நான் கேட்டது அது இல்லம்மா, ஆனா படிச்சேன், மனசு கஷ்டமாச்சு.

எதிர்பாக்காதது என்னன்னா, அவ அந்த லெட்டர சுங்கை சிப்பூட்ல இருக்குற அவ அம்மாவுக்கு போன்ல படிச்சுக் காட்டியிருக்கா, சம்பந்தியம்மா ராத்திரி எனக்குக் கூப்பிட்டு ரொம்ப நேரம் அழுதாங்க.

இன்னும் அத்தைன்னுதான் கூப்பிடுறா, அம்மான்னு கூப்பிடச் சொல்லலாமான்னு தெரியல, இப்போதைக்கு விட்டுட்டேன்.