கிரெடிட் ஸ்கோர்: ‘நாணய மதிப்பெண்’ பொருந்துமா?

இளவரசன்:
நண்பர்களே, கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழில் எழுதி வருகிறேன். கிரெடிட் ஸ்கோரை நாளிதழ்கள் ‘கடன் மதிப்பெண்’ என்கின்றன. அது கடனுக்குப் போட்ட மதிப்பெண் போல ஒலிக்கிறது, ஆளுக்குப் போட்டது போலத் தெரியவில்லை. ‘நாணய மதிப்பெண்’ எனலாமா? வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பித் தருபவரைத்தானே நாணயமான ஆள் என்கிறோம்?

சுந்தரம்:
‘நிதித்தகுதி மதிப்பெண்’ என்பது என் பரிந்துரை. சம்பளம், வைப்புத்தொகை, சொத்து, பழைய கடன் எல்லாவற்றையும் பார்த்துத்தான் 300 முதல் 900 வரை போடுகிறார்கள். தவணை தவறினால் குறைத்துவிடுவார்கள்.

மெஹருன்னிசா:
வங்கிக் கடன் பிரிவில் பல ஆண்டு இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். சுந்தரம் ஐயா தவணை பற்றிச் சொன்னது சரி. சம்பளமும் சொத்தும் அதில் சேராது. கடன் தரலாமா என்று முடிவெடுக்கும்போது வங்கி அவற்றைத் தனியாகப் பார்க்கும். மதிப்பெண் போடுவது சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனம். கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் பதிவை வைத்துத்தான் அது கணக்கிடுகிறது. வங்கியில் 50 லட்சம் வைப்பு இருந்தும் இதுவரை கடனோ அட்டையோ வாங்காதவருக்கு மதிப்பெண்ணே வராது.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். பாக்கி இல்லையென்றால் 000, முப்பது நாள் தாமதம் என்றால் 030. இப்படிப் பதிவுள்ளவர்களில் எத்தனை பேர் பின்னால் கடனைக் கட்டாமல் விட்டார்கள் என்பதைப் பார்த்து, உங்களுக்கும் அந்த வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கிறார்கள். மதிப்பெண் அந்தக் கணிப்புதான். போன மாதத் தாமதம் மூன்றாண்டுக்கு முந்தைய தாமதத்தைவிட அதிகம் உறுத்தும்.

‘நாணயம்’ ஏன் ஒத்துவராது என்பதற்கு ஓர் உதாரணம். ஒருவரின் கடன் அட்டை வரம்பு 1,00,000 ரூபாய். வீட்டுக் கல்யாணத்துக்கு 82,000 செலவழிக்கிறார். பில் 2ஆம் தேதி வருகிறது, கெடு 22. அவர் 20ஆம் தேதியே முழுத்தொகையும் கட்டிவிடுகிறார். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கொரு முறையாவது விவரம் அனுப்புகின்றன. 15ஆம் தேதி நிலவரமாக 82,000 பாக்கி போனால், வரம்பில் 82 விழுக்காடு பயன்பாட்டில் இருப்பதாகப் பதிவாகும். தாமதம் ஒரு நாள்கூட இல்லை, ஆனாலும் மதிப்பெண் இறங்கலாம். அவரே 60,000 ரூபாயை 10ஆம் தேதி கட்டியிருந்தால் பதிவில் 22 விழுக்காடுதான் இருந்திருக்கும். இவரை நாணயம் குறைந்தவர் என்று எப்படி எழுதுவது? வரம்பை நெருங்கிச் செலவழிப்பவர்களில் பின்னால் திணறுகிறவர்கள் அதிகம் என்பதால்தான் பதிவு இவரையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கிறது. பாக்கி இறங்கியதும் இது சரியாகிவிடும், தவறிய தவணை அப்படி அழியாது.

கோமதி:
அக்கா, நான் இதுவரை கடனே வாங்கியதில்லை. ஆனாலும் வீட்டுக்கடன் கேட்டபோது என் மதிப்பெண் குறைவு என்றார்கள். சித்தப்பா மகன் கடைக்கு வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். இதற்கும் தமிழில் சொல் வேண்டுமா?

மெஹருன்னிசா:
கோமதி, ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் உங்கள் பெயரோடு நிற்கும். அவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் உங்கள் கட்டத்திலும் 090 ஏறும். ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அந்தக் கடன் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சொல் கேட்டீர்களே, ‘பிணையாளர்’ ஏற்கெனவே இருக்கிறது.

இளவரசன்:
நாணயத்தை விட்டுவிடுகிறேன். நடந்து போனவர் விட்ட அடிச்சுவடு போல, கட்டியதும் கட்டாததும் பதிந்துகிடப்பதால் ‘கடன்தட மதிப்பெண்’ எப்படி?

சுந்தரம்:
சம்பளம் பற்றிய என் எண்ணத்தைத் திருத்திக்கொண்டேன். ஆனால் ‘கடன்தட’ என்பதை வேகமாக வாசித்தால் ‘கடன் தடை’ என்றே கண்ணில் படும். வங்கி வாசலில் நிற்பவரை அது பயமுறுத்தும். பழகிய ‘கடன் மதிப்பெண்’ணே போதும்.

மெஹருன்னிசா:
எனக்குக் ‘கடன்தடம்’ பிடித்திருக்கிறது. அறிக்கையை அப்படி அழைத்துவிட்டு, எண்ணை மட்டும் ‘கடன் மதிப்பெண்’ என விடலாம். என் கவலை வேறொரு சொல்லில். லட்சம் ரூபாய் பாக்கியில் 60,000 கட்டினால் போதும் என்று வங்கி ஒத்துக்கொண்டால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், முழுதும் கட்டினால் ‘குளோஸ்டு’. முன்னது மதிப்பெண்ணைக் கெடுக்கும், பின்னது கெடுக்காது. தமிழில் இரண்டையும் ‘கணக்கு தீர்ந்தது’ என்றே எழுதுகிறார்கள். ‘குளோஸ்டு’க்கு ‘முழுதும் அடைந்தது’ என்று வைத்துக்கொள்ளலாம். மற்றதற்குத் ‘தள்ளுபடியில் முடிந்தது’ என்றால் அரசு விவசாயக் கடன் தள்ளுபடியோடு குழம்புமே, யாருக்காவது வேறு சொல் தோன்றுகிறதா?