முள்ளும் கம்மி, கிலோமீட்டரும் கம்மி: ஸ்பீடோமீட்டர் உதவி தேவை

குடந்தை_பயணி
அவசரம். நாளை மறுநாள் லாங் ரைடு கிளம்பணும். ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் கம்மியா காட்டுது. போன் ஜி.பி.எஸ்.ல 60 வரும்போது முள் 45 கிட்டதான் நிக்குது. கேபிள் புதுசு போட்டாச்சு, அப்பவும் அதேதான். என்ன பண்ணலாம்?

கிரீஸ்_கை
என்ன வண்டி ப்ரோ? புது கேபிள் சில சமயம் காஞ்சுபோய் வரும். உள்கம்பியை உருவி கிரீஸ் தடவிப் போடுங்க. உள்ளே வழுக்கி வேகம் குறைவா போகுதுன்னு நினைக்கிறேன்.

வீல்_பாலன்ஸ்
முன் டயர் என்ன சைஸ்? சமீபத்தில் மாத்தினீங்களா? பெரிய டயர் போட்டால் மீட்டர் கம்மியாத்தான் காட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு டயர்தான் காரணமா இருக்கும்.

சீனியர்_மெக்
இங்கே கேள்வி கேட்பதற்கு முன் என்னென்ன எழுதணும்னு பலமுறை சொல்லியாச்சு. வண்டி எது, மீட்டர் கேபிளா எலக்ட்ரானிக்கா, கிலோமீட்டர் எண் சரியா ஓடுதா, முள் நடுங்குதா நிலையா நிக்குதா. இது எதுவும் இல்லாமல் "என்ன பண்ணலாம்" என்றால் ஜோசியம்தான் பார்க்கணும். கேபிள் வழுக்கும் என்று சொல்றவங்களும் கொஞ்சம் கேபிளைப் பிரிச்சுப் பார்த்துட்டு எழுதினால் நல்லது.

குடந்தை_பயணி
பழைய 125 சிசி, முன்னாடி டிரம், கேபிள் மீட்டர். டயர் 2.75-18, மாத்தலை. முள் நடுங்கலை, நிலையாத்தான் இருக்கு. கிலோமீட்டர் ஓடுது, சரியான்னு பார்க்கலை.

பல்சக்கரம்
கிலோமீட்டரைத்தான் முதலில் பார்க்கணும் தம்பி. ஒரே கேபிள் சுழற்சியில் இருந்து மீட்டருக்குள் ரெண்டு வேலை தனித்தனியா நடக்குது. கேபிள் முனை ஒரு காந்தத்தைச் சுத்துது. அந்தக் காந்தத்தை ஒட்டி, ஆனா தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கு. முள் அந்தக் கிண்ணத்தோட அச்சில்தான் நிக்குது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஹேர்ஸ்பிரிங் அதைப் பிடிச்சு நிறுத்தும். ரெண்டு இழுவையும் சமமாகிற இடத்தில் முள் நிக்கும். ஓட்டோ ஷூல்சே 1902-ல் காப்புரிமை வாங்கின அமைப்பு இது, கேபிள் மீட்டரில் கடைசிவரை இதே தத்துவம்தான்.

கிலோமீட்டர் எண் அப்படி இல்லை. அதே காந்தத் தண்டில் இருக்கிற வார்ம் கியர், பல் பல்லா எண்ணித் தள்ளுது. அதில் காந்தமும் ஸ்பிரிங்கும் சம்பந்தப்படவே இல்லை. அதனால்:

கிலோமீட்டர் சரி, முள் மட்டும் தப்பு என்றால் கோளாறு மீட்டருக்குள். காந்தம் பலம் குறைஞ்சிருக்கும், இல்லைன்னா ஸ்பிரிங் கெட்டிருக்கும். முள், கிலோமீட்டர் ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைஞ்சால், மீட்டருக்கு வர்ற சுற்றே குறைவு, அல்லது வர்ற சுற்றுக்கும் மீட்டருக்கும் பொருத்தம் இல்லை.

நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 10 கி.மீ. ஓட்டி, மீட்டரில் எவ்வளவு ஏறுதுன்னு சொல்லுங்க.

வீல்_பாலன்ஸ்
நான் சொன்னதும் அதானே, டயர் பெரிசானால் சுற்று குறையும்.

பல்சக்கரம்
குறையும், அளவைப் பாருங்க. 2.75-க்குப் பதில் 3.00-18 போட்டாலே விட்டம் 13 மி.மீ. கிட்டதான் கூடும். 600 மி.மீ. விட்டத்தில் அது 2 சதவீதம். 60-ல் ஒரு கி.மீ. வித்தியாசம். இவருக்கு 15 குறையுது. அவ்வளவு குறைய டயர் விட்டம் மூணில் ஒரு பங்கு கூடணும், முன் ஃபோர்க்குக்குள்ளேயே நுழையாது.

கிரீஸ்_கை
கேபிள் வழுக்காதுன்னு எப்படி உறுதியா சொல்றீங்க? என் வண்டியில் முனை தேஞ்சு முள் ஆடிக்கிட்டே இருந்துச்சே.

பல்சக்கரம்
அண்ணே, முனை தேய்ஞ்சது உண்மையா இருக்கும். உள்கம்பி முனை சதுரம், அது சதுரக் குழியில் உட்காருது. சதுரம் தேஞ்சு வட்டமானால் ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் விடும். முள் திடீர்னு விழுந்து மறுபடி ஏறும். எல்லா வேகத்திலும் அளந்து வச்ச மாதிரி கால் பங்கு மட்டும் குறையாது. காஞ்ச கேபிள் என்றால் கதை வேற: உள்கம்பி உறையில் உரசி முறுக்கேறும், பிறகு விட்டுச் சட்டுனு சுத்தும், முள் துள்ளும். ஆனா மொத்தச் சுற்று குறையாததால் கிலோமீட்டர் சரியாவே ஏறும்.

கிரீஸ் போடறவங்களுக்கு ஒண்ணு: வீல் பக்கத்தில் இருந்து மூணில் ரெண்டு பங்குக்கு மெல்லிசாத் தடவினால் போதும். உள்கம்பி முறுக்குக் கம்பி, சுத்தச் சுத்த கிரீஸை மேலே ஏத்தும். அது மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் ஒட்டினால் முள் கடைசி எண்ணுக்கே போய் நின்னுடும்.

இரவுப்பறவை
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா டிஜிட்டல் மீட்டர். வெளியே வாங்கி மாட்டினது, ஃபோர்க்கில் சென்சார், வீலில் ஒரு காந்தம். மெதுவா போகும்போது 0 காட்டும், திடீர்னு 7 வரும். கேபிள் மாத்தணுமா?

சீனியர்_மெக்
உங்க மீட்டரில் சுழற கேபிளே இல்லை. வேற இழை தொடங்குங்க. இதுக்குத்தான் சொல்றேன், கேபிள் காலத்துப் பொருளை விட்டுட்டு கம்பெனி எலக்ட்ரானிக் மீட்டர் வண்டி வாங்குங்கன்னு. அதில் தப்பே வராது.

பல்சக்கரம்
அதில் தப்பு வராதுன்னு சொல்ல முடியாது சார். எலக்ட்ரானிக் மீட்டர் பல்ஸை எண்ணுது, ஒவ்வொரு பல்ஸுக்கும் இவ்வளவு தூரம்னு அதுக்குள் எழுதி வச்ச எண்ணால் பெருக்குது. எண்ணிக்கை துல்லியம், அந்த எண் தப்பா இருந்தால் முடிவும் தப்பு.

இரவுப்பறவை: ஒரு காந்தம் என்றால் வீல் ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ். சுற்றளவு 1.88 மீட்டர்னு வச்சுக்குங்க. 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 9 பல்ஸ் கூட வராது. நொடிக்கு எத்தனைன்னு எண்ணினால் ஒரு பல்ஸ் கூடும்போது வேகம் கிட்டத்தட்ட 7 கி.மீ. தாவும். அதனால் ரெண்டு பல்ஸுக்கு நடுவே ஆகிற நேரத்தை அளக்கிற மீட்டர்கள்தான் அதிகம். 60-ல் அது 113 மில்லிசெகண்ட். 5 கி.மீ. வேகத்தில் 1.35 நொடி. உங்க மீட்டர் ஒரு நொடி பார்த்துட்டுப் பல்ஸ் வரலைன்னா வண்டி நின்னுடுச்சுன்னு 0 போடுது போல. 7 கி.மீ. கணக்கு அதோட சரியாப் பொருந்துது.

மீட்டர் செட்டிங்கில் சுற்றுக்கு எத்தனை பல்ஸ்னு மாத்த வழி இருந்தால், 4 காந்தம் சம இடைவெளியில் ஒட்டி 4-னு வைங்க. இடைவெளி சமமா இல்லைன்னா நிலையா ஓட்டும்போதும் வேக எண் அலையும், கிலோமீட்டர் மட்டும் சரியா வரும்.

சீனியர்_மெக்
கம்பெனி மீட்டரையும் இந்த ஒட்டு வேலையையும் ஒண்ணாப் பேசறது சரியில்லை.

வீல்_பாலன்ஸ்
கம்பெனி மீட்டரும் உண்மை வேகத்தைக் காட்டாது சார். ஜி.பி.எஸ். 60 என்றால் 63, 64-னு காட்டும்.

பல்சக்கரம்
அது தெரிஞ்சே வைக்கிறது. ஐ.நா. விதி 39-ன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்தில் ஒரு பங்கும் அதோட 4 கி.மீ.யும் வரை. உண்மையில் 60 என்றால் 70 வரை காட்டலாம். அதனால் இழையின் நண்பருக்குக் கம்மியா காட்டறதே, ஏதோ பொருந்தாத பொருள் இருக்குன்னு சொல்லுது.

குடந்தை_பயணி
கல் பார்த்து ஓட்டினேன். 10 கி.மீ.க்கு மீட்டரில் 7.1 ஏறிச்சு. முள் 60-க்கு 45.

பல்சக்கரம்
ரொம்ப உதவியான எண். மீட்டர் தலை வண்டியோட வந்ததா, வெளியே வாங்கினதா?

குடந்தை_பயணி
வெளியே வாங்கினது. பழசு உடைஞ்சு போச்சு, ரவுண்ட் மினி மீட்டர் மாட்டினேன். அதனாலதானே கேபிளும் மாத்தினேன்.

சீனியர்_மெக்
இதை முதல் வரியில் எழுதியிருக்கணும்.

பல்சக்கரம்
இப்போ தெளிவாயிடுச்சு. ஒவ்வொரு மீட்டரும் ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் இத்தனை சுற்று வரும்னு எதிர்பார்த்துச் செய்யப்படுது. ஜப்பானிய பைக் வழியில் வந்த மீட்டர்களுக்கு 1400. வேற சிலதுக்கு 1000. வெளியே விக்கிற மினி மீட்டர்களில் பல K=1.4, அதாவது 1400. முகப்பில் அடியில் சின்ன எழுத்தா இருக்கும், இல்லைன்னா பெட்டியில். 1400 எதிர்பார்க்கிற மீட்டருக்கு 1000 போனால் 10 கி.மீ.க்கு 7.14 ஏறும். உங்களுக்கு 7.1.

பணம் செலவழிக்கும் முன் அளந்து உறுதி பண்ணுங்க. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியில் ஆள் உட்கார்ந்தபடி 5 சுற்று நேரா உருட்டித் தரையில் டேப் வச்சு அளங்க. 9.4 மீட்டர் கிட்ட வரணும்; ஒரு சுற்றுக்கு 1.88, அப்போ கிலோமீட்டருக்கு 532 வீல் சுற்று. அடுத்து மீட்டர் பக்கம் கேபிளைக் கழட்டி, உள்கம்பி முனையில் டேப்பால் சின்னக் கொடி ஒட்டுங்க. முன் வீலைத் தூக்கி, முன்னோக்கிச் சரியா 10 சுற்று சுத்தி, கொடி எத்தனை சுற்றுதுன்னு எண்ணுங்க. 19 கிட்ட வந்தால் உங்க வீல் பினியன் 1000 கணக்கு. 26-ஐத் தாண்டினால் 1400, அப்போ என் கணக்கு தப்பு.

கிரீஸ்_கை
முள்ளைப் பிடுங்கி 60-ல் சரியா நிக்கிற மாதிரி குத்திட்டால் முடிஞ்சதே?

பல்சக்கரம்
வேண்டாம் அண்ணே. முள்ளை 15 தள்ளிக் குத்தினால் எல்லா வேகத்திலும் 15 கூடும். உண்மையில் 30-ல் போகும்போது இப்போ 22 காட்டுற மீட்டர், அப்புறம் 37 காட்டும். குறைவது விகிதத்தில், அதை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. காந்தத்தைப் பலப்படுத்தினால் முள் சரியாகலாம், கிலோமீட்டர் 7.1-லேயே இருக்கும்.

இன்னொரு விஷயம், சுற்று கணக்குப்படி முள் 43-ல் நிக்கணும், 45-ல் நிக்குது. மீட்டர் இயல்பாவே 5 சதவீதம் கூட்டிக் காட்டுது, அது விதிக்குள்தான். சரியான சுற்று கிடைச்சால் 60-க்கு 63 காட்டும், அதைத் தொடாதீங்க.

வீல்_பாலன்ஸ்
அப்போ வீல் பினியனை மாத்தலாமா?

பல்சக்கரம்
வேற பல் கணக்கு உள்ள பினியன் அந்த டிரம் தட்டுக்குள் உட்காரும்னு எதிர்பார்க்க முடியாது. கேபிளுக்கு நடுவே போடுற 1:1.4 ரேஷியோ பாக்ஸ் இருக்கு, கிடைச்சால் அது வேலை செய்யும். எளிது K=1.0 மீட்டர் வாங்கி மாட்டறது.

குடந்தை_பயணி
கொடி 19-க்குக் கொஞ்சம் குறைச்சல். மீட்டர் அடியில் K=1.4-னு இருக்கு. கடையில் K=1.0 அடுத்த வாரம்தான் வருமாம். ரைடுக்கு ஜி.பி.எஸ். வச்சுப் போறேன். நன்றி எல்லாருக்கும்.

இரவுப்பறவை
4 காந்தம் ஒட்டினேன், செட்டிங்கில் 1-க்கு மேல் போகலை. சுற்றளவை 1880-க்குப் பதில் 470-னு போட்டால் ஏத்துக்குமா?

சீனியர்_மெக்
மீட்டரைப் பொறுத்தது. குறைந்தபட்ச அளவு வச்சிருப்பாங்க. மாடல் எண் எழுதுங்க.