புளூம் ஃபில்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? அதன் பொய் நேர்மறைக்கும் சேர்த்து

தமிழரசி:

எல்லோருக்கும் வணக்கம். சிஸ்டம் டிசைன் கேள்விகளுக்கு எப்படி விடை கட்டுவது என்று தமிழில் குறிப்புகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேஷ், இண்டெக்ஸ் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டேன், யாரும் குறை சொல்லவில்லை. புளூம் ஃபில்டரில் வந்து மாட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் இந்தக் குறிப்பைத் தொட்டவர் "மலர் வடிகட்டி" என்று போட்டிருக்கிறார், படித்தால் பூவைக் கசக்கிச் சாறு எடுக்கிற மாதிரி இருக்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை "பொய் நேர்மறை". படித்துப் பார்த்த இரண்டு பேருமே "இல்லாததை இருக்கு என்று சொல்லுமா, இருப்பதை இல்லை என்று சொல்லுமா?" என்று கேட்டார்கள். அந்த ஓர் இடத்தில் குழம்பினால் மீதிக் குறிப்பை எழுதியே பயனில்லை. இரண்டுக்கும் சொல் வேண்டும்.

இஸ்மாயில்:

வடிகட்டி என்பது பாத்திரம், மென்பொருளுக்கு வடிப்பான் என்பதே பொருந்தும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். வேண்டாத அஞ்சல்களை ஒதுக்கும் வேலைதானே இது? "களைவடிப்பான்" என்று சொல்லலாம். நல்ல அஞ்சலைக் களை என்று ஒதுக்கிவிட்டால் "பிழைக்களை". சுருக்கமாகவும் இருக்கிறது.

கதிர்:

ஐயா, இது அஞ்சல் சமாச்சாரம் இல்லை. ஒரு நீளமான பிட் வரிசை, முதலில் எல்லாம் 0. ஒரு சொல்லைச் சேர்க்க அதை ஏழு ஹாஷ்களில் போட்டு, வருகிற ஏழு இடங்களிலும் 1 வைக்கிறோம். பிறகு யாராவது அந்தச் சொல் இருக்கிறதா என்று கேட்டால் அதே ஏழு இடங்களைப் பார்க்கிறோம், ஏழும் 1 என்றால் இருக்கிறது. சொல்லையே சேமிப்பதில்லை, அதனால்தான் இடம் இவ்வளவு மிச்சம்.

எனக்கு "மலர்" பிடித்திருக்கிறது, பிட்டுகள் ஒவ்வொன்றாகப் பூக்கின்றன இல்லையா? டிசைன் விடைக்கு உதாரணம் வேண்டுமென்றால், புதுக் கணக்கு தொடங்கும்போது "இந்தப் பயனர்பெயரை வேறு யாராவது எடுத்துவிட்டார்களா" என்று பார்க்கும் இடம். டேட்டாபேஸே வேண்டாம், ஃபில்டரே சொல்லிவிடும், 1% தப்பு வந்தால் வரட்டும். யாராவது கணக்கை மூடினால் அந்த ஏழு பிட்டையும் 0 ஆக்கிவிட்டால் போதும்.

மீனாட்சி:

கதிர், பாதி சரி. பூக்கிறது என்பது அழகாக இருக்கிறது, ஆனால் புளூம் ஓர் ஆள். பர்ட்டன் ஹோவர்ட் புளூம், 1970-ல் இதை எழுதினார். ஆள் பெயரை மொழிபெயர்த்தால் நாளைக்குத் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது, அதனால் மலரை விட்டுவிடலாம்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தைப் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய சொல்லே அதில் இருக்கிறது தமிழரசி. வரி முடிவில் ஆங்கிலச் சொல்லை எங்கே உடைப்பது என்று கண்டுபிடிக்கும் நிரல் அது. பத்தில் ஒன்பது சொற்களுக்கு எளிய விதியே போதும், மீதி ஒன்றுக்குத்தான் டிஸ்க்கில் இருக்கும் அகராதியைப் புரட்ட வேண்டும். எந்தச் சொல்லுக்குப் புரட்ட வேண்டும் என்பதை நினைவகத்தில் அடங்கும் சின்ன பிட் வரிசை சொல்லும். அது தப்பாக "ஆம்" என்றால் என்ன ஆகும்? டிஸ்க்குக்கு ஒரு தடவை வீணாகப் போய் வருவோம், விடை கெடாது. தப்பாக "இல்லை" என்றால் விடையே கெட்டுவிடும், ஆனால் அது நடக்காது, ஏனென்றால் சேர்த்த சொல்லின் ஏழு இடங்களும் கட்டாயம் 1 ஆக இருக்கும். அதனால் என் ஓட்டு "வீண் ஆம்". இல்லாததற்கு ஆம் சொல்கிறது, அதன் விலை ஒரு வீண் நடை, இரண்டும் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

இப்போது கதிரின் இரண்டு பிசகு. ஒரு பெயருக்காக ஏழு பிட்டையும் அணைத்தால், அதில் ஏதோ ஒரு பிட் வேறொரு பெயருக்கும் சொந்தமாக இருக்கும். அந்த வேறொரு பெயர் அந்த நொடியிலிருந்து "இல்லை" ஆகிவிடும். ஃபில்டர் தருகிற ஒரே உறுதி "இல்லை என்றால் இல்லைதான்" என்பது, அதையே உடைத்துவிட்டீர்கள். பிட்டுக்குப் பதில் சின்ன எண்ணிக்கை வைத்து நீக்குகிற வகையும் உண்டு, ஆனால் இடத்திற்கு நாலு பிட் வைத்தால் மொத்தமும் நாலு மடங்கு ஆகிவிடும். பயனர்பெயர் விஷயத்தில் ஃபில்டர் தனியாக நிற்கக் கூடாது. "இல்லை" என்று வந்தால் பெயர் காலி என்று திரையில் உடனே காட்டலாம், "ஆம்" வந்தால் டேட்டாபேஸைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கடைசியில் பதிவு செய்யும்போது எப்படியும் டேட்டாபேஸின் தனித்துவக் கட்டுப்பாடுதான் தீர்ப்பு சொல்லும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே பெயரைக் கேட்கலாமே.

தமிழரசி:

அக்கா, அந்த 1% எங்கிருந்து வருகிறது என்பதை சூத்திரம் இல்லாமல் ஒரு பத்தியில் சொல்ல முடியுமா? சூத்திரத்தைப் பார்த்ததும் ஆட்கள் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

மீனாட்சி:

முடியும். ஒரு சொல்லுக்குப் பத்து பிட் ஒதுக்கி, ஏழு ஹாஷ் வைத்தால், எதிர்பார்த்த அளவு சொற்களும் சேர்ந்து முடிந்தபோது வரிசையில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் 1 ஆக இருக்கும். இப்போது சேர்க்காத ஒரு சொல்லைக் கேளுங்கள். அதன் முதல் இடத்தில் தற்செயலாக 1 இருக்க வாய்ப்பு பாதி, இரண்டாவதிலும் பாதி, இப்படி ஏழு தடவை நாணயம் சுண்டி ஏழும் தலையாக விழ வேண்டும். 128-ல் ஒன்று, அதாவது ஏறக்குறைய 0.8%. அவ்வளவுதான். ஹாஷைக் கூட்டினால் சுண்டும் தடவை கூடும், ஆனால் வரிசையும் சீக்கிரம் நிரம்பும், அதனால் பத்து பிட்டுக்கு ஏழுதான் சரியான இடம். பிழை பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டுமென்றால் சொல்லுக்கு இன்னும் ஐந்து பிட் போதும். சொல் எவ்வளவு நீளம் என்பது கணக்கிலேயே வராது. டிசைன் விடையில் இந்த பேரத்தைச் சொன்னால் போதும், சூத்திரத்தை யாரும் கேட்பதில்லை. (நான் கேட்க மாட்டேன், மற்றவர்களுக்கு உத்தரவாதம் தர முடியாது.)

சேவியர்:

மீனாட்சி சொன்ன "எதிர்பார்த்த அளவு" என்ற இடத்தில்தான் நான் விழுந்தேன். வலைப்பக்கங்களை ஊர்ந்து எடுக்கும் ஒரு நிரலில், ஏற்கெனவே பார்த்த சுட்டியா என்று அறிய இதை வைத்திருந்தோம். ஒரு கோடி சுட்டி வரும் என்று பத்துக் கோடி பிட், பன்னிரண்டரை எம்பி, ஏழு ஹாஷ். ஃபில்டர் நிரம்பினால் கத்தும் என்று ஏதோ ஒரு நினைப்பு. அது கத்தாது, வாங்கிக்கொண்டே போகும். மூன்று கோடி சேர்ந்தபோது நாளுக்கு நாள் புதுச் சுட்டிகள் குறைந்துகொண்டே வந்தன, பிழைப்பதிவில் ஒரு வரிகூட இல்லை, சரி, பக்கங்கள் தீர்ந்துவிட்டன போலிருக்கிறது என்று இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தோம். கடைசியில் ஒருவர் சும்மா 1-களை எண்ணிப் பார்த்தார். பாதி இருக்க வேண்டிய இடத்தில் 88%. ஏழு தடவை 0.88-ஐப் பெருக்கிப் பாருங்கள், 0.4 வருகிறது. புதிய சுட்டிகளில் பத்துக்கு நாலை "பார்த்தாயிற்று" என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அதனால் "வீண் ஆம்" எனக்கு ஒப்பவில்லை. எங்களுக்கு அது வீண் நடை இல்லை, இழப்பு. பின்னால் சரிபார்க்கும் டிஸ்க் எதுவும் இல்லை, போன பக்கம் போனதுதான்.

கதிர்:

அப்படியானால் டிசைன் விடையில் இதை எங்கேதான் வைப்பது? கேட்பதில் பெரும்பாலும் இல்லாததாக இருக்கும் இடத்தில் மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா? கேட்கிற சாவிகள் பெரும்பாலும் இருப்பவையே என்றால் எப்படியும் டிஸ்க்குக்குப் போகத்தானே வேண்டும், ஃபில்டர் வெறும் சுமை.

மீனாட்சி:

ஒரே கோப்பு என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் இது அதிகமாக உழைக்கிற இடம் கசாண்ட்ரா, ராக்ஸ்டிபி மாதிரி சேமிப்புகள், அங்கே கதை வேறு. எழுதுவது முதலில் நினைவகத்தில் சேர்ந்து, பிறகு வரிசைப்படுத்திய கோப்பாக டிஸ்க்கில் இறங்குகிறது. இறங்கிய கோப்பைத் திருத்துவதே இல்லை. ஒரு சாவி எட்டுக் கோப்பில் எதிலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நிஜமாகவே ஒரு கோப்பில் இருக்கிறது என்றாலும், மற்ற ஏழுக்கு அது "இல்லாத" சாவி. கோப்புக்கு ஒரு ஃபில்டர் வைத்தால் அந்த ஏழையும் பெரும்பாலும் தொடாமலே தாண்டிவிடலாம். எதிலும் இல்லாத சாவிகள் நூறு வந்தால், ஃபில்டர் இல்லாமல் 800 தடவை டிஸ்க்கைத் தொட வேண்டும், 1% பிழையுள்ள ஃபில்டரோடு எட்டுத் தடவை. கசாண்ட்ராவில் இந்தப் பிழை அளவை `bloom_filter_fp_chance` என்று அட்டவணைக்கு அட்டவணை மாற்றலாம்.

சேவியருக்கு நடந்தது அங்கே நடக்காது என்பதையும் கவனியுங்கள். கோப்பு எழுதும்போதே அதில் எத்தனை சாவி என்று ஏறக்குறையவாவது தெரியும், அதற்கேற்ற அளவில் ஃபில்டர் கட்டப்படும், பிறகு எதுவும் சேராது. நீக்கும் தொல்லையும் இல்லை, கோப்புகளை ஒன்றாக்கும்போது புதுக் கோப்புக்குப் புது ஃபில்டர் வந்துவிடும். ஒன்று மட்டும் நேர்காணலில் மறந்துவிடுகிறார்கள்: "இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை உள்ளவை" என்று கேட்டால் இந்த ஃபில்டரால் பயனில்லை, அதற்கு ஒரு சாவியைத்தான் கேட்கத் தெரியும்.

சொல் விஷயத்தில் சேவியர் சொல்வதை ஏற்கிறேன், பாதி மனசோடு. பின்னால் சரிபார்ப்பு இருந்தால் அது வீண், இல்லாவிட்டால் இழப்பு. இரண்டையும் தாங்க "பொய் ஆம்" என்று வைத்துக்கொள்வோம், "வீண் நடை" அதன் விலைக்குப் பெயராக இருக்கட்டும். "நேர்மறை"தான் ஆட்களைக் குழப்புகிறது, "ஆம்" என்றால் எது எதற்கு ஆம் என்று உடனே தெரிகிறது.

இஸ்மாயில்:

அஞ்சல் என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவும். இப்போது புரிகிறது. இது பொருளை வடிக்கவில்லை, கேள்வியை வடிக்கிறது. பின்னால் உண்மையான சேமிப்பு இருக்கிறது, முன்னால் இது நிற்கிறது என்பதால் "புளூம் முன்வடிப்பான்" என்று வைத்தால் கதிர் செய்த தவறே வராது.

சேவியர்:

எங்கள் நிரலில் பின்னால் ஒன்றும் இல்லையே ஐயா, அங்கே என்ன "முன்"?

இஸ்மாயில்:

அதனால்தான் தம்பி விழுந்தீர்கள்.

தமிழரசி:

இப்போதைக்கு இப்படி எழுதிக்கொள்கிறேன்: "புளூம் வடிகட்டி", "பொய் ஆம்", "வீண் நடை". முன்வடிப்பான் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் சேவியர் அண்ணா ஒப்புக்கொள்ளவில்லை, அதைத் திறந்தே வைக்கிறேன். "பொய் ஆம் விகிதம்" என்று வருகிற இடத்தில் மட்டும் இடைவெளியை விட்டுவிடாதீர்கள், நேற்று ஒரு வரியில் சேர்த்தடித்துவிட்டேன், "ஃபில்டர் சொன்னது பொய்யாம்" என்று ஏதோ ஊர் வதந்தி மாதிரி வந்து நிற்கிறது.