ஃபேட்மேக்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

மங்கை:
அனைவருக்கும் வணக்கம். உடற்பயிற்சி உடலியங்கியல் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஃபேட்மேக்ஸ் என்ற சொல்லில் வந்து நிற்கிறேன். பயிற்சியின் கடுமையைப் படிப்படியாகக் கூட்டினால், நிமிடத்துக்கு எரியும் கொழுப்பு முதலில் ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. அந்த உச்சம் எந்தக் கடுமையில் வருகிறதோ, அதற்குத்தான் இந்தப் பெயர். ‘கொழுப்பெரி உச்சம்’ என்று வைத்திருக்கிறேன். பொருந்துமா?

செந்தில்:
எனக்கு ஒரு குழப்பம். மெதுவாக நடக்கும்போதுதானே கொழுப்பு அதிகம் எரிகிறது? வேகம் கூடினால் ஆக்சிஜன் போதாமல் போகும், கொழுப்பு எரியாது. அப்படியானால் ‘உச்சம்’ என்ற சொல்லே வேண்டாம், ‘மென்கடுமை’ என்று ஏதாவது வைக்கலாமே.

வரதன்:
செந்தில், மெதுவாக நடக்கும்போது கொழுப்பின் *பங்கு* அதிகம் என்பது சரி. ஆனால் பங்கு வேறு, அளவு வேறு. ஒருவரை சைக்கிளில் ஏற்றி மூச்சுக்காற்றை அளப்பதாக வைத்துக்கொள்வோம். புரதத்தை விட்டுவிட்டால், நிமிடத்துக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்பதற்கு இந்தக் கணக்கு போதும் (வாயு அளவுகள் லிட்டரில்):

```
1.67 × (VO2 − VCO2)
```

இலேசாக மிதிக்கிறார்: நிமிடத்துக்கு உள்ளே எடுக்கும் ஆக்சிஜன், அதாவது VO2, 1 லிட்டர்; வெளிவிடும் கரியமில வாயு, அதாவது VCO2, 0.80. கொழுப்பு 0.33 கிராம். ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பிலிருந்து வருகிறது.

நடுத்தரமாக மிதிக்கிறார்: 2 லிட்டர், 1.74. பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஆனால் அளவு 0.43 கிராம்.

கடுமையாக மிதிக்கிறார்: 3 லிட்டர், 2.85. மொத்தச் செலவு மூன்று மடங்கு, கொழுப்போ 0.25 கிராம்தான்.

பங்கு தொடக்கத்திலிருந்தே சரிகிறது. மொத்தச் செலவு அதைவிட வேகமாக ஏறும்வரை அளவும் ஏறும். அதனால்தான் உச்சம் நடுவில் வருகிறது.

ஆக்சிஜன் போதாமை இதற்குக் காரணம் அல்ல. ஒருவர் தன் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவில் 85 சதவீதத்தில் மிதிக்கும்போது இன்னும் 15 சதவீதம் கையிருப்பு இருக்கிறது. அப்போதும் கொழுப்பு குறைகிறது. இரத்தத்தில் கொழுப்பு அமிலம் வந்து சேர்வது குறைவதும் ஒரு காரணம். ஆனால் ஊசி வழியாகக் கொழுப்பு ஏற்றிப் பார்த்தபோதும் குறைவு ஓரளவுதான் ஈடானது. ஆக, தடை தசைக்குள்ளும் இருக்கிறது. நீள்தொடர்க் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோக கார்னிட்டின் வேண்டும். மாவுச்சத்து வேகமாக உடையும்போது குவியும் அசிட்டைல் தொகுதிகள் அதே கார்னிட்டினோடு ஒட்டிக்கொள்கின்றன. சும்மா கிடக்கும் கார்னிட்டின் குறைகிறது, கொழுப்பு வாசலில் காத்துக்கிடக்கிறது. இதுவே முழுக் காரணமா என்று துறையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சுமதி:
என் டிரெட்மில்லில் ‘கொழுப்பு எரியும் பகுதி’ என்று ஒரு கோடு காட்டும். மூன்று மாதமாக அந்தக் கோட்டைத் தாண்டாமல் நடக்கிறேன், எடை இறங்கவே இல்லை. இந்தச் சொல்லும் அதேதானா?

வரதன்:
இல்லை அம்மா. அந்தக் கோடு பெரும்பாலும் வயதை வைத்துப் போடும் இதயத்துடிப்புக் கணக்கு. உங்கள் மூச்சை யாரும் அளக்கவில்லை, ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். தவிர, நடக்கும் நேரத்தில் எது எரிந்தது என்பதைவிட, நாள் முழுக்க உண்டதும் செலவானதும்தான் எடையைத் தீர்மானிக்கும்.

கதிர்:
மங்கை அக்கா, ‘கொழுப்பெரி உச்சம்’ என்றால் எனக்கு 0.43 கிராம்தான் நினைவுக்கு வருகிறது. நீங்கள் கேட்பதோ அது வரும் இடம். ஒன்று சைக்கிளில் படிக்கும் வாட்டு, இன்னொன்று கிராம். ‘கொழுப்பெரி உச்சக் கடுமை’ என்றாலும் சிக்கல். ‘உச்சக் கடுமை’யைச் சேர்த்துப் படித்தால் மூச்சுமுட்ட ஓடுவது என்று ஆகிவிடும், நேர் எதிர்ப் பொருள்.

மங்கை:
நல்ல வேளை சொன்னீர்கள் கதிர், நான் அதைக் கவனிக்கவே இல்லை. சரி, ‘முகடு’ எப்படி? அளவுக்குக் ‘கொழுப்பெரி முகடு’, இடத்துக்கு ‘முகட்டுக் கடுமை’. முகட்டுக் கடுமையை யாரும் உச்சக் கடுமை என்று படிக்க மாட்டார்கள்.

வரதன்:
பிடித்திருக்கிறது, இன்னொரு காரணத்துக்காகவும். 2002-இல் ஆக்டன், யூகென்டிரப் குழுவினர் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை அளந்தபோது உச்சம் சராசரியாக அவர்களின் உச்ச ஆக்சிஜன் கொள்ளளவில் 64 சதவீதத்தில் வந்தது. ஆனால் ஏறக்குறைய 55 முதல் 72 வரை எங்கே நின்றாலும் உச்சத்தைவிடப் பத்து சதவீதத்துக்குள்தான் குறைவு. ஊசிமுனை இல்லை, அகலமான மேடு.

செந்தில்:
அளவு, பங்கு வேறுபாடு இப்போது பிடிபட்டது. ஆனால் மாவுச்சத்தின் பங்கு கொழுப்பை முந்தும் இடத்துக்கும் தனிச்சொல் வேண்டுமே. வரதன் ஐயாவின் கணக்கில் அது முகட்டுக்கு முன்பே வந்துவிடுகிறது. ‘விஞ்சுபுள்ளி’ என்கிறேன்.

கதிர்:
எது எதை விஞ்சுகிறது என்று அதில் தெரியவில்லை. நான் இன்னும் யோசிக்கிறேன்.