சிவப்பு முட்டை, பெரிய முட்டை, சேவல் மிதித்த முட்டை: கூடக் காசு எதுக்கு?

கல்லடிப் பாலம்:
கடையில சிவப்பு முட்டைக்கு வெள்ளையை விட ரெண்டு மூண்டு ரூபாய் கூட. பெருசு எண்டால் அதுக்கும் மேல. சேவல் சேர்ந்த ஊர்க்கோழி முட்டை ஒண்டுட காசுக்கு ஃபாம் முட்டை ரெண்டு வாங்கலாம். வீட்டில பிள்ளைத்தாச்சி ஒராள் இருக்கா. எதில சத்துக் கூட?

மண்முனை மைந்தன்:
ஊர்க்கோழி முட்டைதான், இதில் கேள்வியே இல்லை. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நம்ம கிழவிமார் நல்லெண்ணெயோட குடிக்கக் கொடுத்தது ஃபாம் முட்டையா? சேவல் மிதித்த முட்டையில உயிர் இருக்கு. மற்றது மலட்டு முட்டை. அது கிடைக்காட்டி சிவப்பு முட்டை வாங்குங்க, ஓடும் தடிப்பு, சத்தும் கூட.

அடைக்கோழி:
மைந்தன் அண்ணன், கோழிக்குள்ள முட்டை எந்த வரிசையில் உருவாகிறது என்று பாருங்க.

முதலில் மஞ்சள் கரு. பத்து நாள் அளவில் கோழி தின்ற தீனியில் இருந்து கொழுப்பும் விற்றமின்களும் அதில் சேர்ந்து அது பெருக்கிறது. முழுசாக வளர்ந்து கழன்று விழுந்த பிறகுதான், கால் மணித்தியாலம் அளவுக்குள், சேவலின் விந்து அதில் சேர வேண்டும். அதாவது சேவல் வரும்போது பெட்டி கட்டி முடிந்துவிட்டது. பிறகு வெள்ளைக் கரு சுற்றுவதற்கு மூன்று மணித்தியாலம் அளவில் போகும், அதையும் கோழிதான் போடுகிறது. ஓடு படிய இருபது மணித்தியாலம். சிவப்பு நிறத்தின் பெரும்பகுதி அந்த இருபதில் கடைசிச் சில மணித்தியாலங்களில்தான் மேலே பூசப்படுகிறது. அந்த நேரம் உள்ளே இருக்கிற எதையும் மாற்ற வழியில்லை.

உடைத்த சிவப்பு முட்டை ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்க, வெளிறித்தான் இருக்கும். வினாகிரியில் கொஞ்ச நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் நிறம் கையோடு வரும். நிறத்தை முடிவு செய்வது கோழியின் சாதி. வெள்ளை லெகோன் வெள்ளை இடும், ரோட் ஐலண்ட் ரெட் சிவப்பு இடும். ஓட்டுத் தடிப்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. கோழி கிழடாகும்போது முட்டை பெருக்கும், சுண்ணாம்பு அதே அளவு பெரிய பரப்பில் பரவுவதால் ஓடு மெல்லிசாகும். நம்ம பக்கத்து வெக்கையில் கோழி வாய் திறந்து இளைக்கும்போதும் ஓடு மெல்லிசாகத்தான் வரும், வெள்ளையோ சிவப்போ.

அக்கரைப்பற்று அடுக்களை:
சிவப்பு எண்டு சொல்லுறது உள்ளுக்க மஞ்சள் கரு செவந்து இருக்கிறதையா? அப்படியான ஊர் முட்டை பத்து போட்டு வட்டிலாப்பம் அவிச்சால் நிறம் நல்லா வருது, ஆனா தளதளண்டு கிடக்குது, வெட்ட வருதில்ல. ஃபாம் முட்டை பத்து போட்டால் இறுகுது. அப்ப ஊர் முட்டையில சத்துக் குறைவா?

அடைக்கோழி:
ராத்தா, இங்க பேசுறது ஓட்டு நிறம். கருவின் நிறம் தீனியால் வருவது. பச்சை இலையும் சோளமும் தின்றால் செவக்கும், தவிடும் சோறும் மட்டும் என்றால் வெளிறும்.

வட்டிலாப்பத்துக்குக் காரணம் நிறை. ஊர் முட்டை ஒன்று 40 கிராம் என்று வைப்போம், ஓடு போக 36 மிஞ்சும். பத்துக்கு 360 கிராம். 60 கிராம் ஃபாம் முட்டை பத்து என்றால் 530க்குக் கிட்ட வரும். தேங்காய்ப்பாலும் சக்கரையும் குறையாமல் முட்டை மட்டும் குறைந்தால் இறுகாதுதானே. ஊர் முட்டையை எண்ணாமல் நிறுங்க, பதினஞ்சு அளவில் தேவைப்படும்.

கல்லடித் தம்பிட கேள்விக்கும் இதுதான் பதில். அந்த 40 கிராம் முட்டையில் நாலரைக் கிராம் புரதம், 60 கிராமில் ஆறரைக்கு மேல. பெரிய முட்டையில் சத்துக் கூட என்பது மெய்தான், ஆனால் முட்டை கூட என்பதால்தான்.

மண்முனை மைந்தன்:
நிறைக்கு நிறை வைத்தால்? ஊர் முட்டையில வெள்ளைக் கரு கொஞ்சம், மஞ்சள் கரு பெருசு. உடைச்சுப் பார்த்தாலே தெரியும்.

அடைக்கோழி:
அது சரி, ஒத்துக்கொள்றன். சின்ன முட்டையாக இருந்தாலும் ஊர்க்கோழியில் கருவின் பங்கு கூட. அதனால் நூறு கிராமுக்குக் கொழுப்பும் விற்றமின் ஏயும் கொஞ்சம் கூடும், கொலஸ்ட்ரோலும் கூடும். வெயிலில் புல்லும் புழுவும் மேய்ந்தது என்றால் விற்றமின் டியும் கூடலாம். ஆனால் அது மேய்ச்சலுக்கான கூலி, சேவலுக்கானது இல்லை. கூட்டில் அடைத்துத் தவிடு போட்ட ஊர்க்கோழியில் அதை எதிர்பார்க்க ஏலாது.

பிள்ளைத்தாச்சிக்குப் பச்சையாக மட்டும் கொடுக்காதீங்க. சல்மொனெல்லாப் பயம் ஒரு பக்கம், மறுகா பச்சை முட்டைப் புரதத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும். அவித்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும்.

மண்முனை மைந்தன்:
கிழவிமார் எல்லாரும் பிழை எண்டு சொல்லுங்க!

அடைக்கோழி:
அப்படிச் சொல்லவில்லை அண்ணன். ஊரில் வேறு முட்டை இல்லாத காலம் அது.

சேவல் சேர்ந்த முட்டை நம்ம ஊருக்கு இன்னொரு கரைச்சல். இருபது, இருபத்தொரு பாகைக்கு மேல் போனாலே உள்ளே இருக்கிற புள்ளி மெதுவாக வளரத் தொடங்கும். மட்டக்களப்பில் அடுக்களைச் சூடே முப்பது. அடைக்கு அது காணாது, வளர்ச்சி பாதியில் நிற்கும், பிறகு கூழ்முட்டை. இருட்டில் போன் லைட்டை மொட்டைப் பக்கத்தில் பிடிங்க. சிலந்திக் கால் மாதிரி நரம்பு அல்லது சிவப்பு வளையம் தெரிந்தால் விடுங்க. சேவல் சேராத முட்டையில் இந்த வளர்ச்சியே இல்லை, அதனால் வெளியில் கொஞ்சம் கூட நாள் தாங்கும். ஊர் முட்டை வாங்கினால் அன்றைக்கே பிரிட்ஜில் வைக்க வேணும். சேவலைப் பிரித்துவிட்டேன் என்று விற்கிறவர் சொன்னாலும், ரெண்டு மூன்று கிழமைக்குக் கோழி சேவல் சேர்ந்த முட்டைதான் இடும்.

கருவில் ஒரு பொட்டு இரத்தம் கண்டால் சேவல் வேலை என்று நினைக்க வேண்டாம். அது கரு கழரும்போது சின்ன நரம்பு வெடித்தது, சேவலே காணாத பண்ணைக் கோழியிலும் வரும்.

ஏறாவூர் மொத்தக்கடை:
சத்து ஒண்டுதான் எண்டால் சிவப்புக்கு ஏன் கூடக் காசு? நாங்க வைச்ச விலையில்ல. 2023 ஏப்ரலில் அரசாங்கமே வெள்ளை 44, சிவப்பு 46 எண்டு வர்த்தமானி போட்டது. கிலோவுக்கு வெள்ளை 880, சிவப்பு 920.

அடைக்கோழி:
காக்கா, அந்தக் கணக்கே சுவாரசியம். 880ஐ 44ஆல் பிரித்தால் 20. 920ஐ 46ஆல் பிரித்தாலும் 20. முட்டை ஒன்று 50 கிராம் என்று வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அப்ப 50க்கு மேல் உள்ள முட்டையை எண்ணி வாங்குகிறவருக்கு லாபம், குறைந்ததை நிறுத்து வாங்குகிறவருக்கு லாபம்.

சிவப்பு 62 கிராம், வெள்ளை 56 கிராம் என்று தராசு காட்டினால் அந்த விலையில் சிவப்புக்கு கிராமுக்கு 74 சதம், வெள்ளைக்கு 79 சதம். எண்ணி வாங்கும்போது சிவப்பு மலிவு. கிலோக் கணக்கில் வெள்ளை மலிவு. சிவப்பு இடுகிற கோழி வழக்கமாக உடம்பு பெருத்தது, தீனி கூடத் தின்னும். கூடக் காசுக்கு ஒரு காரணம் அது.

கல்லடிப் பாலம்:
அப்ப எண்ணி விற்கிற கடையில பெரிய சிவப்பு, நிறுத்து விற்கிற கடையில வெள்ளை. ஊர் முட்டை?

மண்முனை மைந்தன்:
மேய விட்ட கோழி எண்டு கண்ணால கண்டால் வாங்குங்க தம்பி. இரட்டைக் காசு பெறும்.

அடைக்கோழி:
பெறாது. அந்த மிச்சக் காசுக்கு இன்னொரு ஃபாம் முட்டையும் ஒரு கட்டுக் கீரையும் வரும்.

ஏறாவூர் மொத்தக்கடை:
என்னத்தச் சொன்னாலும் நாளைக்கு வாற சனம் ட்ரேயில சிவப்பாப் பார்த்து ஒண்டொண்டாப் பொறுக்கத்தான் போகுது. தராசு பக்கத்திலதான் இருக்கு.