புதுப்பிப்பு: |x − 2|/(x + 1) < 1, விடுபட்ட தீர்வு

முன்பு கேட்டது: "படத்திலுள்ள சமனிலிக்கு எனக்கு x > 1/2 மட்டுமே வருகிறது, விடையில் x < −1 என்பதும் உள்ளது. ஏன்?"

x + 1 எதிர்மமாக இருக்கக்கூடும் என்பதை மறந்து பகுதியால் பெருக்கியதே என் பிழை என்று ஒருவர் காட்டியது முற்றிலும் சரி. வர்க்கப்படுத்தச் சொன்னவரின் வழியிலும் x < −1 என்ற அதே தீர்வு தொலைகிறது, ஏனெனில் x = −2 எனில் இடப்பக்கம் −4; அது 1-ஐ விடச் சிறியது, ஆனால் அதன் வர்க்கம் 16. மட்டுக்குறி முழுப் பின்னத்தையும் சூழ்வதாக வேறொருவர் படித்தது மங்கலான படத்தால் நேர்ந்தது; அது தொகுதியை மட்டுமே சூழ்கிறது.

x ≥ 2 எனில் சமனிலி எப்போதும் மெய். x < 2 எனில், 1-ஐ இடப்பக்கம் கொண்டுவந்தால் (1 − 2x)/(x + 1) < 0 கிடைக்கிறது. குறி அட்டவணையில் −1-க்கு இடப்புறம் எதிர்மம், −1-க்கும் 1/2-க்கும் இடையில் நேர்மம், அதன்பின் மீண்டும் எதிர்மம். எண்கோட்டில் இரு புள்ளிகளுக்கும் வெற்று வட்டமிட்டேன்: x < −1 அல்லது x > 1/2. மட்டுக்குறி மாறும் x = 2-ஐயும் அட்டவணையில் குறிக்க வேண்டுமா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது; நான் குறிக்கிறேன்.